"செவப்பா இருக்கிறவங்களுக்குச் செவப்பு மெலனினா?" – தோல் நிறம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்ப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். தோல் பாடம் வரும் வாரத்தில் வகுப்பில் பிள்ளைகள் ஒன்று கேட்பார்கள், பள்ளிக்கூட வாசலில் அவர்களுடைய அம்மாக்கள் இன்னொன்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

சார், மெலனின் ரெண்டு வகைன்னு படிச்சோம். கருப்பா இருக்கிறவங்களுக்கு யூமெலனின், செவப்பா இருக்கிறவங்களுக்குப் பியோமெலனின், சரியா?

சரியில்லை. யூமெலனின் பழுப்பு கலந்த கருப்பு நிறமி, பியோமெலனின் மஞ்சள் கலந்த சிவப்பு நிறமி. இதுவரை சரி. ஆனால் ஆளுக்கு ஒரு வகை என்று இயற்கை பிரித்துக் கொடுக்கவில்லை. எல்லோர் தோலிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

எந்த விகிதத்தில் என்பதுதான் சுவாரசியம். மெலனினை அளப்பது லேசான காரியம் இல்லை. அது தண்ணீரிலும் கரையாது, எண்ணெயிலும் கரையாது. அதனால் அதை வேதிப்பொருள் போட்டு உடைத்து, விழும் துண்டுகளை எண்ணுவார்கள். யூமெலனின் உடைந்தால் ஒருவகைத் துண்டு, பியோமெலனின் உடைந்தால் வேறொரு வகைத் துண்டு. பிரான்ஸ், ஜப்பான் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளுத்த தோலிலிருந்து நல்ல கருந்தோல் வரை எடுத்து இப்படி எண்ணிப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். யூமெலனின் சுமார் 74 சதவீதம், பியோமெலனின் சுமார் 26 சதவீதம். வெளுப்பு, மாநிறம், கருப்பு என்று எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே விகிதம். மாறியது மொத்த அளவுதான்.

ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். நல்ல கருப்பான ஒருவர் தோலில் மெலனின் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் கருப்பு நிறமி 74, சிவப்பு நிறமி 26. பக்கத்தில் நிற்கும் வெளுத்தவருக்கு மொத்தமே 30 பங்கு என்றால் கருப்பு நிறமி 22, சிவப்பு நிறமி 8. நாம் 'செவப்பு' என்று சொல்கிற ஆளிடம் 8, கருப்பு என்று சொல்கிற ஆளிடம் 26! 100, 30 என்பவை நான் கணக்குக்காக எடுத்தவை, விகிதம் உண்மை. கரும்பலகையில் இதைப் போட்டதும் வகுப்பே ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

அப்போ 'செவப்பா இருக்கா'ன்னு சொல்றோமே, அந்தச் செவப்பு எங்கேர்ந்து வருது?

ரத்தத்திலிருந்து. மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது. அதற்கு அடியில் உள்ள தோலில்தான் நுண்குழாய்கள் ஓடுகின்றன. மேலே மெலனின் குறைவாக இருந்தால் உள்ளே போகும் ஒளி ரத்தத்தில் பட்டுத் திரும்பி வருகிறது, நமக்கு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. மெலனின் அதிகமாக இருந்தால் ஒளி போகும்போதும் வரும்போதும் அதில் மாட்டிக்கொள்கிறது, ரத்தத்தின் நிறம் வெளியே வருவதில்லை. மெல்லிய வாயில் புடவைக்குள் சிவப்புப் பாவாடை தெரிவதும், கருப்புப் புடவைக்குள் தெரியாததும் போல.

வீட்டிலேயே பார்க்கலாம். அடிப்பாகம் தட்டையான கண்ணாடி டம்ளரை முன்கையின் உட்பக்கம் அழுத்தி, டம்ளருக்குள் வழியாகப் பாருங்கள். அழுத்தத்தில் ரத்தம் ஒதுங்கிவிடும், சிவப்பு மறையும். மிச்சம் தெரிகிற பழுப்புதான் உங்கள் மெலனின். வெளுத்த பிள்ளைகள் கையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கருத்த பிள்ளைகள் கையில் லேசாகத்தான் தெரியும்.

ஒரே செல் கருப்பு, செவப்பு ரெண்டையும் எப்படிச் செய்யுது?

தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். டைரோசின் என்ற அமினோ அமிலம் நாம் சாப்பிடும் பருப்பு, பால், கறி எல்லாவற்றிலும் உண்டு. நிறமிச் செல்லுக்குள் டைரோசினேஸ் என்ற நொதி அதைப் பிடித்து டோபாகுவினோன் என்ற பொருளாக மாற்றுகிறது. இந்த நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். டோபாகுவினோன் ஒரு முச்சந்தி மாதிரி. அங்கே சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலம் நின்றுகொண்டிருந்தால் அது உடனே ஒட்டிக்கொள்ளும், வண்டி பியோமெலனின் பக்கம் திரும்பிவிடும். சிஸ்டீன் இல்லையென்றால் டோபாகுவினோன் தானாக மடிந்து யூமெலனின் பக்கம் போகும்.

சிஸ்டீன் ஒட்டுகிற வேகம் மிக அதிகம். அதனால் கையிருப்பில் சிஸ்டீன் இருக்கும்வரை சிவப்பு நிறமிதான் வரும். அது தீர்ந்த பிறகே கருப்பு நிறமி சேரத் தொடங்கும். ஒவ்வொரு நிறமித் துகளிலும் உள்ளே பியோமெலனின் கரு, மேலே யூமெலனின் பூச்சு என்ற அமைப்பு இப்படித்தான் உருவாவதாகக் கருதுகிறார்கள். சீரக மிட்டாயில் உள்ளே சீரகம், மேலே சர்க்கரை இருக்கிறதே, அந்த மாதிரி. டைரோசினேஸ் சுறுசுறுப்பாக இருந்தால் பூச்சு தடிக்கும். மந்தமாக இருந்தால் மெலிந்தே நின்றுவிடும்.

சுறுசுறுப்பைக் கூட்டுவது யார்? நிறமிச் செல்லின் மேற்பரப்பில் எம்சி1ஆர் என்ற ஏற்பி இருக்கிறது. ஹார்மோன் வந்து அதில் பொருந்தினால் செல் யூமெலனின் பக்கம் முடுக்கிவிடப்படும். ஐரோப்பாவில் சிலருக்கு இந்த ஏற்பியே பழுதான வடிவில் பிறப்பிலிருந்து வரும். அவர்களுடைய முடி செம்பு நிறமாகவும் தோல் புள்ளி புள்ளியாகவும் இருக்கும். பியோமெலனின் உண்மையிலேயே ஓங்கி நிற்பது அவர்களிடம்தான். பாடப் புத்தகத்தின் 'சிவப்பு மெலனின்' படம் அந்தத் தலைமுடியைப் பார்த்து வந்தது. நம் ஊர்ச் சிவப்புக்கு அது பொருந்தாது.

கருப்பா இருந்தா நிறமிச் செல் நிறைய இருக்கும்னு அர்த்தமா?

எண்ணிக்கை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. மேல்தோலின் அடிவரிசையில் பத்துச் செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் மெலனோசைட்டுகள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் சிலந்தி கால் விரித்த மாதிரி கிளை விட்டு, சுற்றியுள்ள முப்பது, நாற்பது தோல் செல்களுக்கு நிறமியை அனுப்பும். நிறமி சும்மா போகாது, மெலனோசோம் என்ற சிறு பைகளில் அடைத்துத்தான் போகும்.

வித்தியாசம் அந்தப் பைகளில் இருக்கிறது. கருந்தோலில் பைகள் பெரியவை, நிறமி நிறைந்தவை, தோல் செல்லுக்குள் தனித்தனியாகப் பரவி நிற்கும், மேலே உதிரும்வரை பெரும்பாலும் கரையாமல் இருக்கும். வெளுத்த தோலில் பைகள் சிறியவை, கொத்துக் கொத்தாக ஒரு உறைக்குள் அடைந்து கிடக்கும், பாதி வழியிலேயே சிதைக்கப்பட்டுவிடும். கைப்பிடி மிளகைச் சோற்றில் முழுசாக ஒரே இடத்தில் கொட்டுவதற்கும், பொடித்துத் தூவுவதற்கும் சோற்றின் நிறம் வேறு வேறாகத் தெரியும் அல்லவா? பரவி நின்றால் அதே நிறமி இன்னும் கருப்பாகக் காட்டும்.

இதெல்லாம் நடப்பது ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் மேல்தோலில். நம்பாத பிள்ளைகளுக்கு நான் ஆம்பூர், வாணியம்பாடி டேனரியைத்தான் சொல்வேன். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் எப்படியும் இருப்பார்கள். கருப்பு ஆட்டின் பச்சைத்தோல், வெள்ளை ஆட்டின் பச்சைத்தோல் இரண்டும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் போகும். ஊறி வெளியே எடுத்தால் முடியும் மேல்தோலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வேர்க்காலில் ஒட்டிய மிச்சக் கருப்பையும் வழித்து எடுத்துவிட்டால், எது எந்த ஆட்டுத்தோல் என்று நிறத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். கருப்பெல்லாம் தொட்டித் தண்ணீரோடு போய்விட்டது.

ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்த ரெண்டு பசங்க. ஒருத்தன் கருப்பு, ஒருத்தன் செவப்பு. எப்படி சார்?

தோல் நிறத்தைப் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்மானிக்கின்றன. அதில் நம் ஊருக்கு முக்கியமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். எஸ்எல்சி24ஏ5 என்று பெயர். 2005-இல் அமெரிக்காவில் ஸீப்ரா மீனில் கண்டுபிடித்தார்கள். கோடுகள் வெளிறிப்போன ஒரு மீன் வகையில் இந்த மரபணு பழுதாகியிருந்தது. மனிதரிலும் இதே மரபணு நிறமிப் பைக்குள் வேலை செய்கிறது. இது தயாரிக்கும் புரதத்தில் 111-ஆவது இடத்தில் அலனின் இருந்தால் பை நன்றாக நிறையும். அங்கே திரியோனின் இருந்தால் நிறமி குறையும்.

ஐரோப்பியர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் திரியோனின் வடிவம். ஆப்பிரிக்கா, கிழக்காசியாவில் பெரும்பாலும் அலனின் வடிவம். இந்தியாவில் இரண்டும் கலந்து கிடக்கிறது, ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட. அப்பாவும் அம்மாவும் மாநிறம், இருவருக்கும் ஒன்று இது, ஒன்று அது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டும் அலனினாக வர நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டும் திரியோனினாக வர நாலில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொன்று வர பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு முதலாவதும் தம்பிக்கு இரண்டாவதும் வந்தால் ஊர் பேசத்தான் செய்யும். மற்ற மரபணுக்களும் இப்படியே குலுக்கிப் போடப்படுவதால் வித்தியாசம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாக்களில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். மாமியார் வீட்டில் என்ன பேச்சு ஓடுகிறது என்று எனக்குப் புரியும். நிறத்தை வைத்து யாரும் யாரையும் சந்தேகப்பட இதில் எதுவும் இல்லை.

வேலூர் வெயில்ல நின்னா கருத்துடறோம். உள்ளே என்னதான் நடக்குது?

என் பக்கத்து வீட்டுக்காரர் திருவண்ணாமலை வழித்தடத்தில் பஸ் ஓட்டுகிறார். அவர் கைகளைப் பார்த்தால் பாடமே தேவையில்லை. ஜன்னல் பக்கம் இருக்கும் வலது முன்கை இடது கையைவிடத் தெளிவாகக் கருப்பு. வாட்ச் கட்டும் இடத்தில் பட்டையாக வெளுப்பு. சட்டைக் கைக்குள் மேல்கையின் உட்பக்கம் இன்னும் வெளுப்பு. அந்த மேல்கைதான் பிறப்பில் வந்த நிறம். மற்றதெல்லாம் சூரியன் சேர்த்தது.

அவர் பத்து நாள் லீவு முடிந்து வண்டி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மதியமே கை சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரியும். அது புது மெலனின் கிடையாது. ஏற்கெனவே இருந்த மெலனின் புற ஊதா ஏ கதிர் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்ததால் வந்த கருப்பு, சில மணி நேரத்தில் பெரும்பாலும் மங்கிவிடும். தோலைக் காப்பாற்றவும் அது அவ்வளவாக உதவாது.

உண்மையான வேலை உள்ளே வேறு வழியில் தொடங்குகிறது. புற ஊதா பி கதிர் தோல் செல்லின் டிஎன்ஏ-வைக் காயப்படுத்துகிறது. காயம்பட்ட செல் ஹார்மோன் ஒன்றைச் சுரந்து பக்கத்து நிறமிச் செல்லின் எம்சி1ஆர் கதவைத் தட்டுகிறது. டைரோசினேஸ் கூடுகிறது, யூமெலனின் பூச்சு தடிக்கிறது, பைகள் தோல் செல்களுக்குப் போகின்றன. போன பைகள் செல்லுக்குள் கண்டபடி கிடக்காது, உட்கருவுக்கு மேலே குடை பிடித்த மாதிரி குவியும். இது கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். வெயில் தொடர்ந்தால் வாரக் கணக்கில் கூடிக்கொண்டே போகும். வெயிலை நிறுத்தினால் அந்தச் செல்கள் மேலே வந்து உதிர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் பத்து நாள் லீவில் வாட்ச் தடம் அழிவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கருக்க வைப்பது சூடு அல்ல, புற ஊதா கதிர். கத்திரி வெயிலில் நிழலில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டினால் கருக்காது. வேலூரில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழலே விழாது. ஆகஸ்டில் காற்று கொஞ்சம் குளிர்ந்திருக்கும், ஆனால் மேகம் இல்லாத நாளில் கதிர் குறைந்திருக்காது. உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக விழும் நேரத்தில் கதிர் தணிந்துவிட்டது என்று கொள்ளலாம், அப்போது அனல் அடித்தாலும்.

நாமதான் கருப்பாச்சே, வெயில் நம்மள ஒண்ணும் பண்ணாதில்ல?

ஓரளவு காக்கும். யூமெலனின் கதிரை விழுங்கி வெப்பமாக மாற்றிவிடும் கில்லாடி. ஆப்பிரிக்கக் கருந்தோலின் மேல்தோல் புற ஊதா பி கதிருக்கு எதிராக சன்ஸ்கிரீன் எண் 13 அளவுக்கும், வெளுத்த தோல் 3 அளவுக்கும் காப்பதாக 1979-இல் அளந்தார்கள். நம்மில் பெரும்பாலானோர் இரண்டுக்கும் நடுவில்.

பியோமெலனின் கதை வேறு. கதிர் பட்டால் அதுவே தீங்கான ஆக்ஸிஜன் வகைகளை உண்டாக்கும். செம்பு நிற எலிகளில் கதிரே படாமலும் தோல் புற்று அதிகம் வந்ததை 2012-இல் காட்டினார்கள். நமக்கு மேலே தடித்த யூமெலனின் பூச்சு இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மங்கு, கருந்திட்டு இவை நம் நிறத்தில்தான் அதிகம் படியும், ஏனென்றால் நம் நிறமிச் செல்கள் சின்னத் தூண்டுதலுக்கும் அதிகமாகச் சுரக்கும். முகப்பருவைக் கிள்ளினால் தடம் மாதக் கணக்கில் நிற்பது அதனால்தான்.

என் பையனுக்குச் செம்பட்டை முடி. அது பியோமெலனினா?

பெரும்பாலும் இல்லை. பிறக்கும்போது கருப்பாக இருந்து, வெயிலில் ஆடி ஆடி நுனி மட்டும் செம்பட்டை ஆகியிருந்தால், சூரியன் முடியிலுள்ள யூமெலனினை வெளுத்துவிட்டது என்று அர்த்தம். வேர்ப் பக்கம் பிரித்துப் பாருங்கள், அங்கே கருப்பாகவே முளைத்துக்கொண்டிருக்கும். வேரிலிருந்தே நிறம் மங்கி, முடி மெலிந்து, பிள்ளையும் சோர்ந்து வீக்கத்தோடு இருந்தால் புரதக் குறைவாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும், எண்ணெய் மாற்றிப் பார்க்கக் கூடாது.

குளுட்டாதயோன் ஊசி போட்டா கருப்பு மெலனின் செவப்பு மெலனினா மாறிடுமாமே?

விளம்பரம் பாதி வேதியியலைச் சரியாகவே சொல்கிறது, அதுதான் ஆபத்து. குளுட்டாதயோனுக்குள் சிஸ்டீன் இருக்கிறது. முச்சந்தியில் சிஸ்டீன் அதிகமானால் வண்டி பியோமெலனின் பக்கம் திரும்பும், டைரோசினேஸும் கொஞ்சம் மந்தமாகும். ஆனால் ஏற்கெனவே செய்து வைத்த கருப்பு, சிவப்பாக மாறாது. புதிதாக வருவதில்தான் மாற்றம், அதுவும் ஊசியை நிறுத்தினால் பழையபடி திரும்பிவிடும். நரம்பில் ஏற்றினால் கடுமையான தோல் ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் வரக்கூடும் என்று பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. வேலை செய்தாலும் கிடைப்பது என்ன? காக்கிற நிறமி குறைந்து, காக்காத நிறமி கூடுகிறது.

கிரீம்கள் இதைவிட அதிகம் புழங்குகின்றன. என் மாணவி ஒருத்தி அக்கா கல்யாணத்துக்கு முன்னால் மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிக் கொடுத்த ட்யூப் ஒன்றைப் பூசினாள். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தது, எல்லோரும் மெச்சினார்கள். மூன்றாவது மாதம் கன்னம் நிஜமாகவே சிவந்துபோனது. அதில் இருந்தது ஸ்டீராய்டு. தோலை மெலித்து, ரத்தக் குழாய்களை விரித்துவிட்டது. நிறுத்தினால் எரிச்சல், பூசினால் இன்னும் மெலிதல். தோல் மருத்துவரிடம் மாதக் கணக்கில் அலைந்துதான் சரியானது. நீங்களோ உங்கள் பிள்ளையோ பூசும் கிரீமில் கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிய ஆரம்பித்தாலோ, வெயிலில் போனதும் எரிந்தாலோ, டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெயரின் கடைசியில் 'சோன்', 'சால்' என்று முடிவது பெரும்பாலும் ஸ்டீராய்டு.

மாசமா இருக்கும்போது குங்குமப்பூ?

பாலுக்கு நல்ல நிறம் வரும். குழந்தைக்கு வராது. மரபணு கருத்தரித்த அன்றே முடிவாகிவிட்டது.

பொறந்த குழந்தை செவப்பா இருந்துச்சு, இப்போ கருத்துட்டுது. அதோட முதுகுக்குக் கீழே நீலமா ஒரு திட்டு வேற. பயப்படணுமா?

பிறக்கும்போது நிறமிச் செல்கள் இடத்தில் இருக்கும், ஆனால் முழு வேகத்தில் வேலை தொடங்கியிருக்காது. தோல் மெல்லிசு, ரத்தம் வேறு அதிகம், அதனால் சிவந்து தெரியும். வரும் மாதங்களில் சொந்த நிறம் மெல்ல ஏறும். பாட்டிமார்கள் காது மடலைத் திருப்பிப் பார்த்து "இதுதான் இவன் நிறம்" என்று சொல்வார்கள், பல நேரம் சரியாகவே இருக்கும். அங்கே நிறம் கொஞ்சம் முன்னாடியே ஏறிவிடுகிறது.

நீலத் திட்டு, வேறெந்தத் தொந்தரவும் இல்லாமல் பிறந்ததிலிருந்தே இருந்தால், அதுவும் மெலனின்தான். கருவில் வளரும்போது நிறமிச் செல்கள் முதுகுத்தண்டுப் பக்கத்திலிருந்து கிளம்பி மேல்தோலுக்கு வந்து சேர வேண்டும். சில செல்கள் வழியில் ஆழத்திலேயே தங்கிவிடும். அவற்றில் இருப்பதும் பழுப்புக் கருப்பு நிறமிதான், ஆனால் அது ஆழத்தில் இருப்பதால் சிவப்பு ஒளி உள்ளே போய்விட, நீல ஒளி சிதறி நம்மிடம் திரும்பி வருகிறது. மலை தூரத்தில் நீலமாகத் தெரிகிறதே, கிட்டத்தட்ட அந்தக் காரணம். நம் பக்கத்துக் குழந்தைகள் பலருக்கு இது உண்டு, பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். அதுவரை யாராவது "எங்கே அடிபட்டது" என்று கேட்டால் காட்ட, பிறந்த வாரத்து போட்டோ ஒன்றை போனில் வைத்துக்கொள்ளுங்கள்.